பகலில் மட்டும் சோலாரில் ஏசி: எத்தனை பனல், எவ்வளவு பற்றரி?

கோண்டாவில் கணினி வகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோண்டாவிலில் வாடகைக்கு எடுத்த மேல்மாடி அறை ஒன்றில் கணினி வகுப்பு நடத்தி வருகிறேன். அறை 12 அடிக்கு 16 அடி. மேலே சிலாப், மேற்குச் சுவரில் பிற்பகல் முழுவதும் வெயில். ஏற்கனவே 12,000 பீ.ரீ.யூ. கொள்ளளவுள்ள பழைய ஏசி ஒன்று இருக்கிறது. அது வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வேர்ட்டர் வகை அன்று. அதன் தகட்டில் 1180 வாற்று, 5.4 அம்பியர் என்றும், LRA என்ற எழுத்துகளுக்கு எதிரே 28 என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டும் இந்த ஏசியைச் சோலாரில் ஓட்ட விரும்புகிறேன். கணினிகள் மின்சார சபையின் இணைப்பிலேயே இருக்கும். மீற்றர் வீட்டுக்காரரின் பெயரில் இருப்பதாலும், அவர் வெளிநாட்டில் இருப்பதாலும், நெற் மீற்றரிங் விண்ணப்பத்துக்கு வழியில்லை.

இரண்டு இடங்களில் விலை கேட்டேன். முதலாமவர் 550 வாற்றுப் பனல் நான்கு, 24 வோல்ற்று 3 கே.வீ.ஏ. இன்வேர்ட்டர், 24 வோல்ற்று 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி என்று எழுதித் தந்தார். இரண்டாமவர் அதே பனலில் ஆறு, 48 வோல்ற்று 5 கே.வீ.ஏ. இன்வேர்ட்டர், 51.2 வோல்ற்று 100 அம்பியர் மணிப் பற்றரி என்கிறார். இரவில் ஓட்டப் போவதில்லை என்பதால் பெரிய பற்றரி வீண் செலவு என்று முதலாமவர் சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது. 1180 வாற்றுக்கு 3 கே.வீ.ஏ. போதாதா?

---

வடமராட்சி வாசி எழுதியது:

தாராளமாகப் போதும். நான்கு பனல் என்றால் 2200 வாற்று, அதாவது உங்களுடைய ஏசிக்குத் தேவையானதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கொம்பிரசர் தொடங்கும்போது கூடுதலாக இழுப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு நொடிகூட நீடிப்பதில்லை, அதற்காக 5 கே.வீ.ஏ. வாங்கச் சொல்வது வியாபாரத் தந்திரம். பயமாக இருந்தால் ஒரு ஸ்ராட்டிங் கெப்பாசிற்றரை வாங்கிப் பூட்டிவிடுங்கள், தொடக்க மின்னோட்டம் பாதியாகிவிடும். பற்றரி பெயருக்கு இருந்தால் போதும், பகலில் பனலே எல்லாவற்றையும் தந்துவிடும்.

---

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

நான் நெடுங்காலம் குளிரூட்டி திருத்தும் பட்டறை நடத்தியவன். தம்பி வடமராட்சி வாசி சொன்னதில் ஒன்று சரி: தொடக்கம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு நொடியைப் பனல் சுமக்காது. பனல் அந்தக் கணத்து வெயிலுக்கு ஏற்ற மின்னோட்டத்துக்கு மேல் ஒரு துளியும் தராது. கூடுதலாக இழுத்தால் அதன் வோல்ற்றளவு சரிந்துவிடும். ஆகவே உச்சி வெயிலிலும் கொம்பிரசரை உதைத்து எழுப்புவது பற்றரியும் இன்வேர்ட்டரும்தான். பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதை விட, ஒரு கணத்தில் எத்தனை அம்பியரைக் கொடுக்கும் என்பதே உங்களுடைய விடயத்தில் முதற் கேள்வி.

கோண்டாவில் ஆசிரியர் தகட்டிலுள்ள 28 என்ற எண்ணை எழுதியது நல்ல காரியம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கொம்பிரசரின் சுழலி அசையாமல் நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டம் அது. ஒவ்வொரு தொடக்கத்திலும் முதற் கணத்தில் ஏறத்தாழ அவ்வளவு இழுக்கப்படும். 230 வோல்ற்றால் பெருக்கினால் 6.4 கே.வீ.ஏ. வருகிறது. சந்தையில் கிடைக்கும் எடை குறைந்த 3 கே.வீ.ஏ. இன்வேர்ட்டர் பெரும்பாலும் சில நொடிகளுக்கு இரு மடங்கை, அதாவது 6 கே.வீ.ஏ.யை மட்டுமே தாங்கும். 5 கே.வீ.ஏ. என்றால் 10 வரை இடமுண்டு. இங்கேயே முதலாவது விலைப்பட்டியல் விளிம்பில் நிற்பது தெரிகிறது.

அடுத்தது பற்றரி. தொடக்கக் கணத்தில் அந்த 6.4 முழுவதும் உண்மையான வலுவாக இருப்பதில்லை. ஏறத்தாழ 4 கிலோவாற்று என்று வையுங்கள். இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 51.2 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 90 அம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதையே 24 வோல்ற்றில் எடுக்க வேண்டுமாயின் 170 அம்பியரைத் தாண்டிவிடும். 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரிகளின் உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகையான பீ.எம்.எஸ். பெரும்பாலும் 100 அம்பியர் தொடர் மின்னோட்டத்துக்கு வகுக்கப்பட்டது. சில பற்றரிகள் ஓரிரு நொடி மீறலைப் பொறுத்துக்கொள்ளும், சில உடனே துண்டித்துவிடும். எது எப்படி நடக்கும் என்பதைப் பற்றரியின் தரவுத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்ராட்டிங் கெப்பாசிற்றர் பற்றியும் சொல்ல வேண்டும். அது முறுக்குவிசையைக் கூட்டி, சுழலி விரைவில் வேகமெடுக்க உதவும். அதனால் தொடக்கம் நீடிக்கும் நேரம் குறையும். உச்ச மின்னோட்டம் அதனால் பாதியாகாது. உச்சத்தையே குறைக்க வேண்டுமாயின் சொஃப்ற் ஸ்ராட்டர் வேண்டும். அது வேறு சாமான், விலையும் வேறு.

---

சாவகச்சேரி பலசரக்கு எழுதியது:

ஐயா, இதே ஏசி அளவுதான் என்னுடைய கடையிலும் இருக்கிறது. 24 வோல்ற்று இன்வேர்ட்டர், 150 அம்பியர் மணி ரியூபுலர் பற்றரி இரண்டு. காலையில் கடை திறந்தவுடன் போட்டால் ஏசி ஒழுங்காகத் தொடங்குகிறது. பதினொரு மணிக்கு மேல் அறை குளிர்ந்து கொம்பிரசர் நின்று, மறுபடி தொடங்கும்போதுதான் தொல்லை. வெளி யூனிற்றில் "ம்ம்" என்று ஓர் உறுமல் கேட்கும், கடையின் மின்குமிழ்கள் மங்கும், பிறகு இன்வேர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். பூட்டித் தந்தவர் பனல் போதாது என்று சொல்லி இன்னும் இரண்டு விற்கப் பார்க்கிறார். அப்படியானால் வெயில் குறைந்த காலையில் அல்லவா அது தடுமாற வேண்டும்?

---

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

கடைக்காரத் தம்பி, உங்களுடைய சந்தேகம் சரியானது. காலையில் கொம்பிரசர் இரவு முழுவதும் ஓய்ந்திருக்கும், இரு பக்கத்து வாயு அழுத்தமும் சமமாயிருக்கும், வெளியே சூடும் குறைவு. ஆகவே சுழலி எளிதாக அசைந்துவிடுகிறது. உச்சி வெயிலில் நின்ற கொம்பிரசரின் ஒரு பக்கத்தில் அழுத்தம் உயர்ந்திருக்கும். அது கப்பிலறிக் குழாய் வழியே இறங்கிச் சமமாக ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் வேண்டும். ஏசியின் பலகையே அதற்காகத்தான் தொடக்கத்தைத் தாமதிக்கிறது. சமமான பிறகும், வெளி யூனிற் சுடச்சுட இருந்தால் மொத்த அழுத்தமே கூடுதலாகத்தான் இருக்கும்.

இந்த நிலையில் பற்றரி சோர்ந்து, இன்வேர்ட்டர் தரும் வோல்ற்றளவு சரிந்தால், முறுக்குவிசை அதைவிடப் பெரிய விகிதத்தில் சரியும். வோல்ற்றளவு நூற்றுக்கு எண்பதாகக் குறைந்தால் முறுக்குவிசை அறுபத்து நான்காகிவிடும், ஏனெனில் அது வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. சுழலி அசையாது, அசையாதவரை உச்ச மின்னோட்டமும் குறையாது. அரை நொடியில் முடிய வேண்டிய இழுப்பு பல நொடிகளாக நீளும். நீங்கள் கேட்கும் உறுமல் அதுதான். பனலைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது.

எது தோற்கிறது என்பதை இன்வேர்ட்டரின் திரையைப் பார்த்துப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். இங்கே பரவலாக விற்கப்படும் வகைகளில் 07 என்று வந்தால் இன்வேர்ட்டருக்குச் சுமை மீறிவிட்டது. 04 என்று வந்தால் பற்றரியின் வோல்ற்றளவு கீழே விழுந்துவிட்டது. எந்த எண்ணும் இல்லாமல் திரையே அணைந்து போனால், லித்தியம் பாவிப்பவர்கள் பீ.எம்.எஸ். துண்டித்துவிட்டது என்று எண்ணலாம். உங்களுடையதில் எது வருகிறது? அத்துடன் வெளி யூனிற்றிலுள்ள ஓட்டக் கெப்பாசிற்றரை ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். அது வலுவிழந்தாலும் இதே உறுமல் கேட்கும். சரியாக மின் இறக்கம் செய்யாமல் யாரும் அதைத் தொட வேண்டாம்.

---

நல்லூரான் எழுதியது:

எங்கள் வீட்டில் 5 கிலோவாற்றுச் சோலார் போட்டு மின்சார சபைக்கு விற்கிறோம். ஆனாலும் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் ஏசி ஓடுவதில்லை. நானும் பனலைக் கூட்ட வேண்டுமா, அல்லது இந்தத் தொடக்க மின்னோட்டம்தான் காரணமா?

---

தென்மராட்சி மின்னியல் எழுதியது:

இரண்டும் காரணமல்ல, அண்ணா. உங்களுடையது வலையமைப்போடு மட்டும் இயங்கும் இன்வேர்ட்டர். மின்சார சபையின் மின்சாரம் நின்றவுடன் அதுவும் தானாக நின்றுவிட வேண்டும் என்பதே விதி. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. மின்சாரம் இருக்கும் வேளையில் உங்களுடைய கொம்பிரசரின் தொடக்கத்தை வலையமைப்பே சுமக்கிறது, உங்களுக்குப் பற்றரி தேவையே இல்லை. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும். அதைத் தனி இழையில் கேளுங்கள், இங்கே ஆசிரியரின் கேள்வி நடுவழியில் நிற்கிறது.

---

கோண்டாவில் கணினி வகுப்பு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. 24 வோல்ற்றை விட்டுவிடத் தீர்மானித்துவிட்டேன். ஆனால் பனல் விடயத்தில் இன்னும் தெளிவில்லை. தொடக்கத்தைப் பற்றரி பார்த்துக்கொள்ளும் என்றால், நான்கு பனலுக்கும் ஆறு பனலுக்கும் இடையே எனக்கு என்ன வேறுபாடு? பழைய ஏசியைக் கழித்துவிட்டு இன்வேர்ட்டர் ஏசி வாங்குங்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதையும் சேர்த்துச் சொல்வீர்களா?

---

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

பனலின் தகட்டில் 550 என்று இருப்பது, அதன் செல்கள் 25 பாகை வெப்பத்தில் இருக்கும்போது கிடைக்கும் அளவு. யாழ்ப்பாணத்துச் சிலாப்பில் நண்பகலில் செல் 60 பாகையைத் தாண்டிவிடும்; அதனாலேயே நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் இழக்கிறோம். தூசி, வயர், இன்வேர்ட்டர் இழப்புகளையும் கழித்தால் நண்பகலில் தகட்டு அளவின் முக்கால் பங்கு கிடைத்தாலே நன்று. காலை 9 மணிக்கு ஏறத்தாழ அரைவாசி. மாலை 4 மணிக்கு மூன்றிலொன்றைச் சற்றுத் தாண்டும். எங்களுடைய ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்குச் சற்றுப் பிந்தியாதலால் 4 மணி நீங்கள் நினைப்பதைவிடச் சற்று நல்ல நேரம்தான், இருந்தாலும் சாய்ந்த வெயில் சாய்ந்த வெயிலே.

இதை உங்களுடைய அறைக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பனல் காலையில் 1100, நண்பகலில் 1650, மாலையில் 800 வாற்றுத் தரும். உங்களுடைய கொம்பிரசர் ஓடும்போது எப்போதும் 1180 கேட்கும். அதற்குப் பாதி என்பது இல்லை, ஒன்றில் ஓடும் அல்லது நிற்கும். மேற்குச் சுவர் சூடேறி அது ஓய்வின்றி ஓட வேண்டிய மூன்று மணிக்குப் பிறகுதான் பனல் தளர்கிறது. அந்த இடைவெளியைப் பற்றரி நிரப்ப வேண்டும். கணக்குப் பார்த்தால், வானம் தெளிந்த நாளில் அது ஒரு கிலோவாற்று மணிக்குக் குறைவு, 51.2 வோல்ற்றுப் பற்றரியில் ஐந்துக்கு மேல் இருக்கிறது. ஆகவே தெளிந்த நாளுக்கு நான்கு பனல் போதும் என்று தம்பி வடமராட்சி வாசி சொன்னது தொகையளவில் சரியே.

வேறுபாடு தெரிவது முகில் நாளில். வானம் மூடினால் தகட்டு அளவின் கால் பங்குதான் வரும்: நான்கில் 550, ஆறில் 825. நான்கு பனல் இருந்தால், கொம்பிரசர் ஓடும்போது 600 வாற்றுக்கு மேல் பற்றரியிலிருந்து போகும். கொம்பிரசர் இடையிடையே ஓய்வதையும் சேர்த்துப் பார்த்தால், வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை அந்தப் பற்றரி தாங்கும், ஆனால் அடுத்த நாள் காலையில் அது வெறுமையாக நிற்கும். காலை ஒன்பது மணிக்கு வெறும் பற்றரியோடு கொம்பிரசரைத் தொடங்கினால் சாவகச்சேரித் தம்பியின் கதைதான். கார்த்திகை மழையில் ஏசி யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். பிள்ளைகளும் கணினிகளும் உள்ள மூடிய அறையில் வேண்டியிருக்கலாம். என்னைக் கேட்டால் 48 வோல்ற்று 5 கே.வீ.ஏ.யையும் அந்தப் பற்றரியையும் எடுங்கள், பனலை நான்கில் தொடங்கி இரண்டுக்கு இடம் விட்டு வையுங்கள்.

இன்வேர்ட்டர் ஏசி உங்களுடைய கேள்வியையே மாற்றிவிடும். அது மெல்லிய வேகத்தில் தொடங்கி மேலே ஏறுவதால் 28 அம்பியர் என்ற உதையே இல்லை, 12,000 பீ.ரீ.யூ. ஒன்று அறை குளிர்ந்த பின் 400, 500 வாற்றில் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் பனல் தரும் 800 வாற்றுக்குள் அது அடங்கும். 3 கே.வீ.ஏ.கூட அதற்குப் போதும். ஆனால் பழையதை விற்றால் என்ன கிடைக்கும், புதியதன் பலகை பழுதானால் என்ன செலவு என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கடற்காற்றுப் படும் இடங்களில் அந்தப் பலகைகள் படும் பாட்டை நான் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

வடமராட்சி வாசி எழுதியது:

கெப்பாசிற்றர் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாலையில்தான் பற்றாக்குறை என்றால் ஆறு பனலில் மூன்றைக் கிழக்குக்கும் மூன்றை மேற்குக்கும் சாய்த்தால் என்ன? அப்போது பற்றரிக்கு அவ்வளவு வேலையே இருக்காது.

---

தென்மராட்சி மின்னியல் எழுதியது:

எண்ணம் நல்லது, ஆனால் மூன்று மூன்றாகப் பிரிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறையும் ஒரே தொடராக இணைத்து இரு திசையில் சாய்த்தால், வெயில் குறைந்த பக்கத்து மின்னோட்டமே முழுத் தொடரையும் கட்டிப்போடும். இரண்டு தொடராக்கிச் சமாந்தரமாக இணைத்தால் அந்தக் குறை நீங்கும், ஆனால் 550 வாற்றுப் பனல் வேலை செய்யும் வோல்ற்றளவு 42 அளவில். மூன்று சேர்ந்தால் 126, வெயிலில் சூடான பிறகு 112 அளவுக்கு இறங்கிவிடும். இந்த வகை 5 கே.வீ.ஏ. இன்வேர்ட்டர்கள் பலவற்றில் பனலின் மின்சாரத்தை வாங்கும் பகுதியான எம்.பி.பி.ரீ. 120 வோல்ற்றுக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது. காலையில் ஓடிவிட்டு நண்பகலில் காரணம் தெரியாமல் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். பக்கத்துக்கு நான்காக எட்டுப் பனல் போட்டால் சரிவரும், அல்லது இரண்டு எம்.பி.பி.ரீ. உள்ளதும் குறைந்த வோல்ற்றளவில் தொடங்குவதுமான இன்வேர்ட்டர் வேண்டும்.

நான் ஆசிரியரின் இடத்தில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தொடராக, மேற்குக்குச் சற்றுத் திருப்பிப் போடுவேன். வகுப்பு ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது, அறையும் அப்போது குளிர்ந்துதான் இருக்கும்.

---

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

மேற்குக்குத் திருப்புவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காலையில் பற்றரி நிரம்பிய பிறகு வகுப்பு தொடங்குவதே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. முந்தின நாள் மூடியிருந்தால் காலை வெயில்தான் கைகொடுக்கும். பக்கத்துக் காணியில் பனை இருந்தால், அந்தச் சிலாப்பில் அதன் நிழல் எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை மணிக்கு விழுகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டுத் திசையைத் தீர்மானியுங்கள். ஒரு பனையின் நிழல் ஒரு பனலில் விழுந்தாலும் தொடர் முழுவதும் தளரும்.

ஆசிரியருக்கு இன்னொன்று. மின்சார சபையின் இணைப்பு அங்கே இருப்பதால் இன்வேர்ட்டரை, சோலார், பற்றரி, மின்சார சபை என்ற வரிசையில் எடுக்கும் SBU நிலையில் வைத்து, பற்றரி தாழ்ந்தால் தானாக அந்த இணைப்புக்கு மாற விடுங்கள். மாறும் புள்ளியை 51 வோல்ற்றிலும், மறுபடி பற்றரிக்குத் திரும்பும் புள்ளியை 54 வோல்ற்றிலும் வைத்தால், இரண்டுக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கும். இடைவெளி குறைந்தால் முகில் நாளில் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் வோல்ற்றளவு சரிந்து, இங்கும் அங்குமாக மாறிக்கொண்டே இருக்கும்.

---

சாவகச்சேரி பலசரக்கு எழுதியது:

ஐயா, ஆள் வந்து பார்த்தார். கெப்பாசிற்றரில் 35 மைக்ரோஃபரட் என்று எழுதியிருக்கிறது, அளந்தால் 22தான் காட்டியது. புதியது போட்ட பிறகு உறுமல் பெரும்பாலும் நின்றுவிட்டது, பனல் வாங்கவில்லை. ஆனால் முகில் மூடி, பற்றரி சற்று இறங்கிய வேளைகளில் தொடங்கும்போது இன்னும் திரையில் 04 வந்து போகிறது. சில நேரம் தாங்குகிறது, சில நேரம் நின்றுவிடுகிறது. சொஃப்ற் ஸ்ராட்டர் போட்டால் இது தீருமா, அல்லது 24 வோல்ற்றையே மாற்ற வேண்டுமா?

---

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

04 வருகிறதென்றால் இன்வேர்ட்டர் தாங்குகிறது, பற்றரிதான் சோர்கிறது. 150 அம்பியர் மணி ரியூபுலர் மெதுவாக, பத்து மணித்தியாலமாகக் கொடுப்பதற்கு ஏற்ற பற்றரி. ஒரு கணத்தில் 170 அம்பியரைக் கேட்டால் வயதான பற்றரி நிச்சயம் தளரும். சொஃப்ற் ஸ்ராட்டர் அந்த உச்சத்தைப் பாதிக்கு மேல் குறைக்கும், ஆகவே பற்றரி ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் அது போதும். ஆனால் வாங்குவதற்கு முன் ஏசி தொடங்கும் கணத்தில் ஒவ்வொரு பற்றரியின் முனைகளிலும் தனித்தனியே வோல்ற்றளவை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோல் சரிந்தால் ஸ்ராட்டர் போடலாம். ஒன்று 11 வோல்ற்றில் நிற்க மற்றது 9க்கு விழுந்தால் அந்த ஒன்று செத்துவிட்டது, எந்த ஸ்ராட்டரும் அதைக் காப்பாற்றாது. முனைகளில் சரிவு இல்லாமல் இன்வேர்ட்டரின் பக்கத்தில் மட்டும் சரிந்தால் வயரையும் அதன் லக்குகளையும் பாருங்கள். தொட்டால் சுடும் லக்கு ஒன்று அங்கே இருக்கக்கூடும்.